பெட்டியிலிருந்து பின்னோக்கி: புதிய வெண்டரை எடைபோடும் ஆடிட்

புதிய வெண்டரின் தொழிற்சாலைக்கு ஆடிட் செய்யப் போகும் குழுவை முதலில் கூட்ட அறையில் உட்கார வைப்பார்கள். காபி வரும், கம்பெனியின் வரலாறு திரையில் ஓடும், சுவரில் தரச் சான்றிதழ்கள் தொங்கும். அனுபவமுள்ள ஆடிட்டர்கள் அங்கே அதிக நேரம் தங்குவதில்லை. நேராக டிஸ்பேட்ச் பகுதிக்குப் போய், அனுப்பத் தயாராக அடுக்கியிருக்கும் பெட்டிகளில் ஒன்றைத் தாங்களே எடுப்பார்கள். அதன் லேபிளில் உள்ள லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தப் பொருள் வந்த வழியிலேயே மூலப்பொருள் கிடங்கு வரை பின்னோக்கி நடப்பார்கள். அவர்கள் கையிலிருக்கும் செக்லிஸ்ட்டில் நூறு கேள்விகள் இருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விடை அந்த ஒரு நடையிலேயே கிடைத்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். ஓசூரில் உள்ள ஒரு பைக் கம்பெனி, கியர் மாற்றும் பகுதியில் வரும் 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய ஷாஃப்ட்டுக்குப் புதிய வெண்டரைத் தேடுகிறது. கோவையில் ஒரு பட்டறை நல்ல விலை சொல்லியிருக்கிறது. கம்பியை வெட்டி, சிஎன்சி லேத்தில் கடைந்து, ஹீட் ட்ரீட்மெண்ட் கொடுத்து மேற்பரப்பைக் கடினமாக்கி, கடைசியாக கிரைண்டிங் செய்து சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மாதத் தேவை 20,000 பீஸ். கொள்முதல், தரம், உற்பத்திப் பொறியியல் ஆகிய மூன்று துறைகளிலிருந்தும் ஆளுக்கு ஒருவர் வருகிறார்கள்.

கிளம்பும் முன்பே செக்லிஸ்ட்டின் முதல் பக்கம் நிரம்பிவிடும். வெண்டர் தன்னைப் பற்றித் தானே நிரப்பி அனுப்பும் படிவம் அது. அதில் சான்றிதழைப் பார்க்கும்போது மூன்று விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும்: காலாவதி ஆகவில்லையா, அதில் இருக்கும் முகவரி இந்தப் பட்டறையின் முகவரிதானா, அது எந்த வேலைகளுக்கு வழங்கப்பட்டது. வாகன உதிரிபாகத் துறையின் தரநிலையான ஐஏடிஎஃப் 16949 சான்றிதழ் ஒரு கம்பெனியின் முதல் யூனிட்டுக்கு வாங்கப்பட்டிருக்கும். நம் பொருளோ இரண்டாவது யூனிட்டில் தயாராகும். இந்த வேறுபாடு காகிதத்திலேயே தெரிந்துவிடும், அதற்காகப் பயணம் போகத் தேவையில்லை.

சலானில் அறுந்த சங்கிலி

பெட்டியின் லாட் எண்ணைக் கொண்டு இறுதிப் பரிசோதனை அறிக்கையைக் கேட்கிறார்கள், வருகிறது. கிரைண்டிங் பதிவேட்டிலும் அதே எண் இருக்கிறது. அடுத்தது ஹீட் ட்ரீட்மெண்ட். அதை இந்தப் பட்டறை செய்வதில்லை, பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு ஜாப் ஒர்க்காக அனுப்புகிறது. போய் வந்ததற்கான டெலிவரி சலானில் ‘ஷாஃப்ட் 1,200’ என்று மட்டுமே இருக்கிறது. அந்த 1,200 பீஸும் எந்த எஃகிலிருந்து வந்தவை என்பதைச் சொல்லும் ஹீட் எண் சலானில் இல்லை. அந்த வாரம் கிடங்கிலிருந்து இரண்டு வெவ்வேறு ஹீட் எண் கொண்ட கம்பிகள் வெளியே போயிருக்கின்றன. இரண்டும் ஒரே உலையில் கலந்து போயிருக்கலாம்.

ஹீட் எண் என்பது எஃகு ஆலையில் ஒரே உருக்கில் வார்த்த எஃகுக்குக் கொடுக்கும் எண். ஆலை தரும் சான்றிதழில் அந்த உருக்கின் கார்பன், மாங்கனீஸ் அளவுகள் எல்லாம் அந்த எண்ணின் கீழ்தான் இருக்கும். நாளைக்கு ஒரு உருக்கில் கோளாறு என்று தெரிந்தால், சங்கிலி முழுதாக இருக்கும் பட்டறை அந்த உருக்கில் செய்த பீஸ்களை மட்டும் தேடி எடுத்துவிடும். சங்கிலி சலானில் அறுந்த பட்டறை அந்த மாதத்தில் அனுப்பிய அத்தனையையும் திரும்ப வாங்க வேண்டியிருக்கும். அதற்குள் அவை பைக்குகளில் ஏறிவிட்டிருந்தால் செலவு பைக் கம்பெனியின் தலையில்.

ஹீட் ட்ரீட்மெண்ட்டைத் தனிக் கவனத்தோடு பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதன் விளைவு கண்ணுக்குத் தெரியாது. மேற்பரப்பில் கடினத்தன்மை சரியாக இருந்தாலும், அந்தக் கடினம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை ஒரு பீஸை வெட்டிப் பார்த்தால்தான் அறிய முடியும். ஆழம் குறைந்த ஷாஃப்ட் பரிசோதனையில் தேறிவிடும், ஓட்டத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் வாகனத் துறையில் ஹீட் ட்ரீட்மெண்ட்டுக்கென்றே சிக்யூஐ-9 என்ற தனி மதிப்பீடு இருக்கிறது. அதை ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். ஆடிட்டர்கள் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும் போய், அந்த லாட்டின் உலை வெப்பநிலை சார்ட்டையும், உலையின் எல்லா மூலைகளிலும் வெப்பம் சீராக இருக்கிறதா என்று கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்பதையும், வெட்டிப் பார்த்த பீஸையும் கேட்க வேண்டும். வெண்டரின் வெண்டரைப் பார்க்காமல் இந்தப் பொருளுக்கான ஆடிட் முடியாது.

பதிவேடு உண்மையா என்பதற்கும் தடயங்கள் உண்டு. ராக்வெல் கருவியில் கடினத்தன்மை சோதித்த பீஸில் சிறு குழி விழும். லாட்டுக்கு ஐந்து பீஸ் சோதித்ததாக எழுதியிருந்தால், குழி விழுந்த ஐந்து பீஸ் எங்கே என்று கேட்கலாம். வாரக்கணக்கில் ஒரே எண்ணே திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தால் அதுவும் ஒரு தடயம். உண்மையான அளவீடு கொஞ்சமாவது ஏறி இறங்கும்.

மைக்ரோமீட்டரில் இரண்டு கோடு

கிரைண்டிங் மெஷின் அருகே ஆபரேட்டர் மைக்ரோமீட்டரில் அளந்துகொண்டிருக்கிறார். அதில் காலிபரேஷன் ஸ்டிக்கர் இருக்கிறது, தேதியும் சரி. பலர் இங்கே டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் வரைபடம் கேட்கும் விட்டம் 12 மில்லிமீட்டர், அதிலிருந்து 0.018 மில்லிமீட்டர் வரை மட்டுமே குறையலாம். அந்த மைக்ரோமீட்டரின் மிகச் சிறிய கோடு 0.01 மில்லிமீட்டர். அனுமதித்த வரம்பு முழுவதும் இரண்டு கோட்டுக்குள் அடங்கிவிடுகிறது. பீஸ் வரம்புக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அந்தக் கருவி சொல்லாது. கருவியில் பழுதில்லை, இந்த வேலைக்கு அது போதாது. 0.001 மில்லிமீட்டர் வரை காட்டும் மைக்ரோமீட்டரோ ஏர் கேஜோ வேண்டும்.

கருவியும் கையும் சேர்ந்து எவ்வளவு பிசகுகின்றன என்று பார்க்கும் சோதனைக்கு கேஜ் ஆர் அண்ட் ஆர் என்று பெயர். பொதுவாக 10 பீஸை 3 பேர் தலா 2 அல்லது 3 முறை அளக்கிறார்கள். அளவீட்டால் வரும் பிசகு 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 30 சதவீதத்தைத் தாண்டினால் ஏற்கக்கூடாது என்பது துறையில் பழகிய அளவுகோல். வெண்டர் இந்தச் சோதனையை ஒருமுறையாவது செய்திருக்கிறாரா என்ற கேள்வி செக்லிஸ்ட்டில் இருக்க வேண்டும்.

ஆபரேட்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது.

“அண்ணா, அளவு வெளியே போயிடுச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க?”

“மெஷினை நிறுத்திட்டு சூப்பர்வைசரைக் கூப்பிடுவேனுங்க. கடைசியா செக் பண்ணின பீஸுக்கு அப்புறம் வந்ததை எல்லாம் தனியா எடுத்து வெச்சுருவேனுங்க.”

இந்தப் பதிலில் இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் மதிப்பெண். கெட்ட பீஸை மட்டும் சிவப்புப் பெட்டியில் போடுவது பலருக்கும் தெரியும். இரண்டு சோதனைகளுக்கு நடுவில் வந்த பீஸ்களும் சந்தேகத்துக்குரியவை என்று ஆபரேட்டருக்குத் தெரிந்திருந்தால், அங்கே பயிற்சி உண்மையாக நடந்திருக்கிறது என்று பொருள்.

36,000 எப்படி 14,050 ஆனது

உற்பத்தித் திறன் பகுதியில் பட்டறை மாதம் 36,000 என்று எழுதியிருக்கிறது. கிரைண்டிங்கில் ஒரு பீஸுக்கு 40 வினாடி, நாளுக்கு இரண்டு ஷிஃப்டில் 16 மணி நேரம், மாதம் 25 நாள் என்பது கணக்கு. பெருக்கல் சரிதான். ஆனால் சாப்பாடு, டீ எல்லாம் சேர்ந்து ஷிஃப்டுக்கு ஒரு மணி நேரம் போனால் மீதி 14 மணி, மாதம் 31,500. வீல் டிரெஸ்ஸிங், செட்டிங், பிரேக்டவுன், ரிஜெக்‌ஷன் எல்லாம் கழித்து மெஷின் 70 சதவீதம் பலன் தருகிறது என்று அவர்களுடைய பதிவேடே காட்டுகிறது. அப்படியானால் 22,050. அதே மெஷினில் வேறொரு வாடிக்கையாளருக்கு மாதம் 8,000 பீஸ் ஓடுகிறது. நமக்கு மிஞ்சுவது 14,050. தேவை 20,000.

பட்டறை பொய் சொல்லவில்லை, மெஷினின் உச்ச வேகத்தைச் சொன்னது. அதனால்தான் செக்லிஸ்ட்டில் ‘மாதத் திறன் எவ்வளவு’ என்ற ஒற்றைக் கேள்வி போதாது. மிக மெதுவான மெஷின் எது, அதன் உண்மைப் பலன் எவ்வளவு, அதில் ஏற்கெனவே யாருடைய வேலை ஓடுகிறது என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும்.

மாற்றத்தைச் சொல்வார்களா?

இன்றைய நிலை நன்றாக இருந்தாலும், ஆறு மாதம் கழித்து வெண்டர் கம்பியின் ஆலையையோ ஜாப் ஒர்க் யூனிட்டையோ மாற்றினால் நமக்குத் தெரியுமா? இந்தக் கேள்வியின் கனத்தை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கு காட்டியது. அதன் சில கார்களில் இக்னிஷன் ஸ்விட்ச் ஓட்டத்தின் நடுவிலேயே திரும்பி எஞ்சின் அணைந்தது, ஏர்பேக்கும் விரியவில்லை. ஸ்விட்ச்சைத் திருப்பத் தேவையான விசை வரையறையைவிடக் குறைவாக இருந்தும், கம்பெனியே 2002-ல் அதற்கு ஒப்புதல் கொடுத்திருந்தது. 2006-ல் ஸ்விட்ச்சின் உள்பாகத்தை மாற்றினார்கள், ஆனால் பாக எண்ணை மாற்றவில்லை. பழையதும் புதியதும் ஒரே எண்ணில் இருந்ததால், காரணத்தைத் தேடியவர்கள் பல ஆண்டுகள் குழம்பினார்கள். 2014-ல் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124.

கோவைப் பட்டறையில் ஆடிட்டர்கள் கடந்த ஓராண்டில் செய்த ஏதாவது ஒரு மாற்றத்தைக் காட்டச் சொல்கிறார்கள்: வாடிக்கையாளருக்கு அனுப்பிய கடிதம், கிடைத்த ஒப்புதல், மாற்றத்துக்குப் பிந்தைய முதல் லாட்டின் அளவுகள். ‘ஓராண்டாக எதையுமே மாற்றவில்லை’ என்ற பதில் வந்தால், டூல் கடை பில்களையும் மூலப்பொருள் இன்வாய்ஸ்களையும் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

மாலையில் மதிப்பெண். ஜெர்மானிய வாகனத் துறையின் விடிஏ 6.3 முறையில் ஒவ்வொரு கேள்விக்கும் 0, 4, 6, 8, 10 என்று மதிப்பெண் உண்டு. மொத்தம் 90 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் ஏ, 80-லிருந்து 90-க்குள் பி, அதற்குக் கீழ் சி. சில கேள்விகளில் நட்சத்திரக் குறி இருக்கும். அவற்றில் ஒன்றில் 0 வாங்கினால் மொத்தம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் தரம் சி-க்கு இறங்கிவிடும். தரையைச் சுத்தமாக வைத்ததற்கு வாங்கிய பத்து, உலையில் இழந்த பத்தை மறைத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

நம் எடுத்துக்காட்டில் பட்டறையை நிராகரிக்கத் தேவையில்லை. ஆட்கள் நன்றாகப் பயின்றிருக்கிறார்கள், குறைகள் சரிசெய்யக் கூடியவை. நிபந்தனையோடு ஒப்புதல் தரலாம். சலானில் ஹீட் எண் எழுதுவதும், கலக்காமல் உலைக்கு அனுப்புவதும் இரண்டு வாரத்தில் முடிய வேண்டும். துல்லியமான கேஜ் வந்து ஆர் அண்ட் ஆர் சோதனை முடிய ஒரு மாதம். இரண்டாவது கிரைண்டிங் மெஷின் வரும்வரை ஆர்டர் மாதம் 12,000-க்கு மேல் போகாது. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவர் பெயரும் தேதியும் அறிக்கையில் இருக்கும். இவை முடிந்தபின், வழக்கமான மெஷினில் வழக்கமான ஆட்களைக் கொண்டு தொடர்ச்சியாகக் குறைந்தது 300 பீஸ் ஓட்டி, அவற்றின் அளவுகளோடு பிபாப் எனப்படும் ஒப்புதல் கோப்பை வெண்டர் அனுப்புவார். அந்தக் கோப்பில் கையெழுத்து விழுந்த பிறகே முதல் கமர்ஷியல் ஆர்டர் போகும்.