கால் மீட்டர் துணியும் ஒரு குட்டி டப்பா பெயின்டும்

“ஹாலுக்கு கர்ட்டன் துணி, பெயின்ட் வேணும். என்ன ரேட்?” வீட்டைப் புதுப்பிக்கக் கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் கடைக்கு அனுப்பும் செய்தி இதுதான். கடைக்காரர் பத்துப் பதினைந்து படங்களை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு, “மீட்டர் 300-லிருந்து ஆரம்பம்” என்று பதில் போடுவார். அதற்கு மேல் அவரால் என்ன சொல்ல முடியும்? ஜன்னலின் அளவும் தெரியாது, சுவர் எத்தனை சதுர அடி என்றும் தெரியாது.

இதையே ஒரு பக்கக் கடிதமாக எழுதினால் வரும் பதில் வேறு மாதிரி இருக்கும். தாளில் எழுதிக் கொடுத்தாலும் மின்னஞ்சலில் அனுப்பினாலும் ஒன்றுதான். உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஹால் 14 அடிக்கு 12 அடி, சுவரின் உயரம் 10 அடி, ஒரே மாதிரி இரண்டு ஜன்னல்கள். துணியும் பெயின்டும் சேர்த்து விற்கும் கடை ஒன்றுக்கு அந்த வீட்டிலிருந்து போகும் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“ஐயா, வணக்கம். எங்கள் ஹாலுக்குப் புதுத் திரைச்சீலையும் வண்ணமும் மாற்றவிருக்கிறோம். இரண்டு ஜன்னல்களுக்கும் கம்பியின் நீளம் 81 அங்குலம். திரை 7 அடி தொங்க வேண்டும். உங்கள் கேட்லாக்கில் நாங்கள் குறித்திருக்கும் மூன்று பருத்தித் துணிகளிலும் கால் மீட்டர் வெட்டித் தாருங்கள். அதற்கான விலையைத் தந்துவிடுகிறோம். ஆர்டர் கொடுத்தால் பில்லில் கழித்துக்கொள்ள முடியுமா? ஒவ்வொரு துணிக்கும் அகலம், டிசைன் எத்தனை சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வருகிறது, இரண்டு ஜன்னல்களுக்கும் மொத்தம் எத்தனை மீட்டர் தேவை, அத்தனையும் ஒரே லாட்டில் கிடைக்குமா என்று எழுதுங்கள். துணி, தையல், ரிங், வரி ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்டுங்கள். துணி முடிவானதும் பெயின்ட் ஷேடு எண்களைத் தருகிறோம். அவற்றில் சாம்பிள் டப்பாவும், சுமார் 450 சதுர அடிக்கு இரண்டு கோட் அடிக்க ஆகும் விலையும் வேண்டும். இந்த விலை எத்தனை நாள் செல்லும் என்பதையும் குறிப்பிடவும்.”

துணிக்குப் பிறகுதான் பெயின்ட் வருகிறது. பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு அல்லாடுவார்கள். பெயின்ட் கடையில் இருக்கும் டின்டிங் இயந்திரம் வெள்ளை பேஸில் சொட்டுச் சொட்டாக நிறமி கலந்து ஆயிரக்கணக்கான ஷேடுகளைத் தரும். துணியோ ஆலையில் என்ன சாயம் ஏறியதோ அந்த நிறத்தில்தான் வரும். சுவரை அடித்து முடித்துவிட்டு அதற்கு ஏற்ற பச்சையைத் தேடி ஜவுளிக்கடை ஜவுளிக்கடையாக அலைவதைவிட, பிடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஷேடு கார்டைப் புரட்டுவது எளிது.

கேட்லாக்கில் தொங்கும் துண்டு இருக்கும்போது கால் மீட்டர் எதற்கு? துவைத்துப் பார்க்கத்தான். அந்தத் துணியில் 20 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை அழியாத பேனாவால் வரைந்து, வீட்டில் வழக்கமாகத் துவைப்பது போலவே துவைத்துக் காயவைத்து மறுபடி அளக்க வேண்டும். 19 சென்டிமீட்டர் ஆகியிருந்தால் 5 சதவீதம் சுருங்கும் துணி. 7 அடித் திரையில் அது நாலு அங்குலத்துக்கு மேல். தரையைத் தொட்டுக்கொண்டிருந்த திரை முதல் சலவையிலேயே கணுக்காலுக்கு ஏறிவிடும். வெள்ளைக் கைக்குட்டை ஒன்றையும் கூடவே நனைத்தால் சாயம் போகிறதா என்பதும் தெரிந்துவிடும். மீதமுள்ள துண்டில் பாதியை மூடி, பாதியை ஜன்னலோரம் சில வாரம் வெயிலில் விட்டால் வெளுப்பு எவ்வளவு என்று தெரியும். படத்தை வைத்துக்கொண்டு இதில் எதையும் செய்ய முடியாது.

அகலத்தைக் கேட்பதில்தான் பணம் இருக்கிறது. திரை மடிப்பு மடிப்பாக விழ வேண்டுமானால் கம்பியின் நீளத்தைப் போல இரு மடங்கு துணி வேண்டும். 81 அங்குலக் கம்பிக்கு 162 அங்குலம். ஒரு பாகத்துக்கு, மேலும் கீழும் மடித்துத் தைக்கவும் சுருக்கத்துக்கும் சேர்த்து, இரண்டரை மீட்டர் வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு துணி 48 அங்குல அகலம், மீட்டர் 300 ரூபாய். இன்னொன்று 54 அங்குலம், 360 ரூபாய் என்று கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். முதல் துணியில் மூன்று பாகம் போதாது, நாலு வேண்டும்: 10 மீட்டர், 3,000 ரூபாய். இரண்டாவதில் மூன்றே பாகம்: ஏழரை மீட்டர், 2,700 ரூபாய். மீட்டர் விலை கூடின துணி ஒரு ஜன்னலுக்கு 300 ரூபாய் மலிவாக முடிகிறது. தையல் கூலியைப் பாகத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் கடையானால் அதிலும் ஒரு பாகம் மிச்சம்.

டிசைனும் இப்படித்தான் கணக்கைக் கலைக்கும். பெரிய பூ 60 சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்றால், பக்கத்துப் பாகங்களில் பூ நேராக நிற்பதற்கு ஒவ்வொரு பாகத்தையும் 60-இன் மடங்கில் வெட்ட வேண்டும். இரண்டரை மீட்டர் போதுமான இடத்தில் மூன்று மீட்டர் போகும். மீட்டர் விலையை மட்டும் கேட்டவருக்கு இது தையற்காரர் கத்தரியோடு நிற்கும்போதுதான் தெரியவரும்.

பெயின்ட் கணக்கு இதைவிடச் சுலபம். ஹாலின் சுற்றளவு 52 அடி, உயரம் 10. ஆக 520 சதுர அடி. கதவு, ஜன்னல்களுக்கு 70 கழித்தால் 450. உட்புற எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்கு 120 சதுர அடி வரும் என்று கொண்டால் 3.75 லிட்டர் ஆகும். ஒரு 4 லிட்டர் டப்பா. டப்பாவில் அச்சிட்டிருப்பது வழவழப்பான சுவருக்கான கணக்கு. பட்டி பார்க்காத பழைய சுவர் இன்னும் குடிக்கும். ப்ரைமரும் பட்டியும் தனி. அடர்ந்த நிறங்களுக்கு பேஸே வேறு, நிறமியும் கூடுதல் என்பதால் விலையும் ஏறும். அதனால் “எமல்ஷன் என்ன விலை?” என்று கேட்காமல் ஷேடு எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். கலந்த பெயின்ட்டைப் பொதுவாகக் கடைகள் திருப்பி எடுப்பதில்லை. அந்த நிறத்தை வேறு யாருக்கு விற்பது!

சாம்பிள் பெயின்ட்டைச் சுவரிலேயே தீற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. சுற்றியிருக்கும் பழைய நிறம் கண்ணை ஏமாற்றிவிடும். பெரிய வெள்ளை அட்டையில் ஓரம் விட்டு இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு துணியைப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். காலையில் ஜன்னலோரத்திலும், இரவில் ஹால் விளக்கின் கீழும். கடையின் வெள்ளை வெளிச்சத்தில் அண்ணன் தம்பியாக இருந்த துணியும் சுவரும் வீட்டு மஞ்சள் எல்இடியில் முகத்தைத் திருப்பிக்கொள்வது உண்டு. இரண்டிலும் உள்ள சாயங்கள் வேறு வேறு என்பதால், ஒளி மாறும்போது ஒன்று நிறம் மாறும் அளவுக்கு மற்றது மாறாது.

‘ஒரே லாட்’ என்ற சொல்லுக்குக் கடைக்காரர் தலையைச் சொறிந்தால் அதுவும் ஒரு பதில்தான். சாயத் தொட்டி மாறினால் நிறம் லேசாக மாறும். கைத்தறித் துணியில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். 15 மீட்டர் தேவைப்படும் இடத்தில் கையிருப்பு 11 மீட்டர்தான் என்றால், மீதியை அடுத்த மாதம் வாங்கி அதே ஜன்னலில் சேர்த்துத் தொங்கவிட முடியாது. ஒரு ஜன்னல் முழுவதும் ஒரு லாட், மற்ற ஜன்னல் மற்றொரு லாட் என்று பிரித்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

துவைக்காத சாம்பிள் துண்டு ஒன்றில் துணி எண்ணையும் தேதியையும் எழுதி, கொட்டேஷனோடு சேர்த்துப் பின் அடித்து வைத்துக்கொள்வது நல்லது. முழுத் துணி வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் ஒட்டிப் பார்த்து, மீட்டரையும் அளந்து, அதன் பிறகுதான் தையற்காரரிடம் கொடுக்க வேண்டும். கத்தரி பட்ட துணியை எந்தக் கடையிலும் திருப்பி வாங்க மாட்டார்கள்.