எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியை வைத்துக்கொள்வோம். எல்.கே.ஜி. முதல் பத்தாம் வகுப்பு வரை இருக்கிறது. காலை 9 மணிக்கு பிரேயர், மாலை 3.40-க்கு கடைசி மணி. அதே தெருவில் இன்னொரு பள்ளியும் 9 மணிக்கே தொடங்குவதால் எட்டே முக்காலிலிருந்து ஒன்பது வரை தெருவில் நுழையவே முடிவதில்லை. எனவே பள்ளியை அரை மணி நேரம் முன்னதாகத் தொடங்கி, அரை மணி நேரம் முன்னதாக விட்டுவிடலாம் என்று முதல்வர் முடிவெடுக்கிறார். முடிவில் குறை ஒன்றும் இல்லை. அன்று மாலையே பெற்றோருக்கு இப்படி ஒரு சுற்றறிக்கை போகிறது:

"பொருள்: பள்ளி வேலை நேரம் மாற்றம் – தொடர்பாக. அன்பார்ந்த பெற்றோர்களே, நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு வரும் திங்கட்கிழமை முதல் நமது பள்ளியின் வேலை நேரம் அரை மணி நேரம் முன்னதாக மாற்றியமைக்கப்பட்டுள்ளது. எனவே மாணவர்கள் 8.30 மணிக்குப் பள்ளிக்கு வருகை தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். வேன் நேரமும் அதற்கேற்ப மாற்றப்படும். சிறப்பு வகுப்புகள் வழக்கம்போல் நடைபெறும். இம்மாற்றம் மறு அறிவிப்பு வரும் வரை நடைமுறையில் இருக்கும். பெற்றோர் ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இலக்கணப் பிழை கிடையாது. மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் மறுநாள் காலையில் ஆபீஸ் போன் ஓயாது. ஏனென்றால் பள்ளி எத்தனை மணிக்கு விடும் என்று இதில் எங்குமே இல்லை. எழுதியவருக்கு அது விடுபட்டதாகவே தெரிந்திருக்காது. "வேலை நேரம் அரை மணி முன்னதாக" என்றாலே மாலையும் சேர்த்துத்தான் என்பது அவர் கணக்கு. படிப்பவருக்கு அப்படித் தோன்ற வேண்டிய அவசியமில்லை. காலையில் அரை மணி கூடுதலாக வகுப்பு வைக்கிறார்கள், மாலை அதே 3.40தான் என்று பாதிப் பேர் நினைத்துக்கொள்வார்கள். அவர்களுடைய பிள்ளைகள் திங்கட்கிழமை அரை மணி நேரம் வாசலில் நிற்கும்.

அடுத்தது "வரும் திங்கட்கிழமை". முதல்வர் இதைப் புதன்கிழமை எழுதுகிறார். டைரியில் ஒட்டப்பட்ட தாள், லீவில் இருந்த பிள்ளையின் கைக்கு அந்தத் திங்கட்கிழமைதான் போய்ச் சேர்கிறது. அந்த வீட்டில் "வரும் திங்கள்" என்றால் அதற்கடுத்த வாரம். வாட்ஸ்அப்பில் நிலைமை இன்னும் மோசம். படமாகப் போன சுற்றறிக்கை பத்து நாள் கழித்து வேறொரு குரூப்பிலிருந்து திரும்பி வரும், அப்போதும் அது "வரும் திங்கள்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். போன வருஷம் வந்த படம் இந்த வருஷம் சுற்றுவதும் நடப்பதுதான். அதனால் தேதி, மாதம், வருஷம், கிழமை நான்கும் வேண்டும். மாதத்தை எழுத்தில் எழுத வேண்டும். 06/07/2026 என்று போட்டால் நமக்கு அது ஜூலை 6. மாதத்தை முன்னால் போட்டுப் பழகியவருக்கு ஜூன் 7. கிழமையையும் சேர்ப்பதில் இன்னொரு லாபம் உண்டு. தட்டச்சில் தேதி தப்பினால் கிழமை பொருந்தாது, சுற்றறிக்கை வெளியே போவதற்கு முன்பே யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்.

இனி "8.30 மணிக்கு". பள்ளிக்கு உள்ளே இருப்பவர்களுக்குக் காலையில் பல நேரங்கள் உண்டு: கேட் திறக்கும் நேரம், முதல் மணி, பிரேயர், அட்டெண்டன்ஸ், கேட் மூடும் நேரம். பெற்றோருக்கு வேண்டியவை இரண்டே. எத்தனை மணிக்கு முன்னால் கொண்டுவந்து விடக் கூடாது, எத்தனை மணிக்குள் பிள்ளை உள்ளே இருக்க வேண்டும். 8.30 என்று மட்டும் சொன்னால் சிலர் 8.30-க்கு கேட்டில் வண்டியை நிறுத்துவார்கள். அப்போது உள்ளே பிரேயர் தொடங்கியிருக்கும், பிள்ளை லேட் நோட்டில் கையெழுத்துப் போடும். வேலைக்குப் போகிற வழியில் ஏழே முக்காலுக்கே இறக்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கேட் திறக்காத நேரத்தில் பிள்ளை தெருவில் நிற்பது எந்தப் பள்ளியும் விரும்பாத விஷயம்.

"வழக்கம்போல்" என்ற வார்த்தையை நேர மாற்றச் சுற்றறிக்கையில் எழுதவே கூடாது என்பேன். நமது பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு 3.50 முதல் 4.50 வரை சிறப்பு வகுப்பு. பள்ளி 3.10-க்கு முடிந்துவிட்டால் வழக்கம்போல் என்பது பழைய 3.50-ஆ, வழக்கம்போல் மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்தா? முதலாவது என்றால் பிள்ளைகள் நாற்பது நிமிடம் சும்மா உட்கார வேண்டும். இரண்டாவது என்றால் 4.20-க்கே வெளியே வந்துவிடுவார்கள், அழைத்துப்போக வருபவர் 4.50-க்குத்தான் வருவார். வேனும் அப்படித்தான். "அதற்கேற்ப" என்றால் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் சரியாக அரை மணி முன்னதாகவா? பள்ளி வேனுக்காவது பள்ளி பதில் சொல்லலாம். ஷேர் ஆட்டோவில் பிள்ளையை அனுப்பும் வீடுகள்தான் மாட்டிக்கொள்ளும். ஒரே ஆட்டோக்காரர் இரண்டு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவார். ஒரு பள்ளி மட்டும் நேரத்தை மாற்றினால் அவர் இரண்டு டிரிப் அடிக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பள்ளியை விட வேண்டும். இதைப் பேசி முடிக்க பெற்றோருக்கு ஒரு வாரமாவது வேண்டும். டியூஷன், வீட்டு வேலைக்கு வருபவரின் நேரம், ஷிப்ட் மாற்றிக்கொள்வது எல்லாம் இதில் அடங்கும். புதன்கிழமை சொல்லி அடுத்த திங்கட்கிழமை மாற்றுவது மழை வெள்ளத்துக்குச் சரி. திட்டமிட்டுச் செய்கிற மாற்றத்துக்குப் பத்து நாள் அவகாசம் தரலாம்.

இவ்வளவையும் மனதில் வைத்து எழுதினால் சுற்றறிக்கை இப்படி வரும்:

"சுற்றறிக்கை எண் 7, கல்வியாண்டு 2026–27. நாள்: 2026 ஜூன் 24, புதன்.

2026 ஜூலை 6, திங்கட்கிழமை முதல் பள்ளி காலை 8.30 மணிக்குத் தொடங்கும் (இப்போது 9.00).

1 முதல் 10-ம் வகுப்பு வரை: மாலை 3.10-க்கு விடப்படும் (இப்போது 3.40).

எல்.கே.ஜி., யு.கே.ஜி.: மதியம் 12.00-க்கு விடப்படும் (இப்போது 12.30).

ஜூலை 3, வெள்ளிக்கிழமை வரை பழைய நேரமே.

காலையில் கேட் 8.00 மணிக்குத் திறக்கும். அதற்கு முன் பிள்ளைகளை விட்டுச் செல்ல வேண்டாம். 8.25-க்குள் பிள்ளைகள் உள்ளே இருக்க வேண்டும்.

மதிய உணவு இடைவேளை 12.10-க்குத் தொடங்கும். வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருபவர்கள் 12.05-க்குள் வாட்ச்மேனிடம் கொடுத்துவிடவும்.

பள்ளி வேன்கள் எல்லா ஸ்டாப்புக்கும் காலையிலும் மாலையிலும் இப்போதைவிட 30 நிமிடம் முன்னதாக வரும். ஆட்டோவில் அனுப்புபவர்கள் ஓட்டுநரிடம் புதிய நேரத்தைச் சொல்லிவிடவும்.

10-ம் வகுப்புச் சிறப்பு வகுப்பு 3.20 முதல் 4.20 வரை.

பள்ளி விட்ட பிறகு அழைத்துப்போகத் தாமதமானால் 1 முதல் 10-ம் வகுப்பு வரை 3.40 மணி வரையும், எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகள் 12.30 மணி வரையும் ஆசிரியர் ஒருவரின் பொறுப்பில் பள்ளிக்குள் இருப்பார்கள்.

வேலை நாளாக அறிவிக்கப்படும் சனிக்கிழமைகளிலும் இதே நேரம். இந்தக் கல்வியாண்டு முடியும் வரை இந்த நேரம் தொடரும்.

காரணம்: காலை 8.45 முதல் 9.00 வரை நம் தெருவில் இரண்டு பள்ளி வண்டிகளும் சேர்ந்து ஏற்படும் நெரிசல்."

முதலாவதைவிட இது நீளம்தான். ஆனால் பெற்றோர் எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. மேலே உள்ள மூன்று வரிகளில் எல்லோருக்குமான பதில் இருக்கிறது. மற்றவற்றில் தன் வீட்டுக்குப் பொருந்துவதை மட்டும் தேடி எடுத்துக்கொள்ளலாம். பழைய நேரத்தை அடைப்புக்குள் போட்டிருப்பது, மாறியது எது என்று கணக்குப் போடாமலே தெரிவதற்காக. காரணத்தைக் கடைசியில் வைத்திருப்பதும் வேண்டுமென்றேதான். காரணம் சொல்லாமல் "நிர்வாகக் காரணங்கள்" என்றால் மனத்தாங்கல் வரும். ஆனால் பிள்ளையைக் கிளப்பிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு முதலில் தெரிய வேண்டியது காரணம் அல்ல.

சாப்பாட்டு வரி சிலருக்குத் தேவையில்லாததாகத் தோன்றலாம். பத்தரை மணிக்குச் சூடாகச் சமைத்து கேரியரில் எடுத்துக்கொண்டு வரும் பாட்டிகளை எந்தப் பள்ளி வாசலிலும் பார்க்கலாம். இடைவேளை இருபது நிமிடம் முன்னதாக வந்துவிட்டால் அவர் வந்து சேரும்போது பிள்ளை பசியோடு வகுப்புக்குப் போயிருக்கும். பாருங்கள், தொடங்குவதும் முடிவதும் முப்பது நிமிடம் நகர்ந்தால் இடைவேளை இருபது நிமிடம்தான் நகர்ந்திருக்கிறது. பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடச் சொன்னால் சீக்கிரம் என்று பள்ளி நினைத்திருக்கலாம். "எல்லாம் அரை மணி முன்னதாக" என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருந்தால் இது தப்பாகப் போயிருக்கும்.

மாற்றம் சில வாரங்களுக்கு மட்டும் என்றால், "ஜூலை 31 வரை" என்று நிறுத்துவது போதாது. அந்த 31-ம் தேதி சேர்த்தியா இல்லையா என்று கேள்வி வரும். "ஜூலை 31, வெள்ளி கடைசி நாள். ஆகஸ்ட் 3, திங்கள் முதல் மீண்டும் காலை 9.00" என்று இரண்டு முனையையும் கட்டிவிட வேண்டும். முடிவு தேதி நிஜமாகவே தெரியாவிட்டால், "மறு அறிவிப்பு வரும் வரை" என்பதோடு அந்த அறிவிப்பு எத்தனை நாள் முன்னால் வரும் என்பதையும் சொல்லிவிடலாம்.

தமிழிலும் ஆங்கிலத்திலும் அனுப்பும் பள்ளிகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கடைசி நேரத்தில் முதல்வர் 8.20-ஐ 8.25 ஆக்குவார். ஆங்கிலத் தாளில் திருத்துவார்கள், தமிழ்த் தாள் அப்படியே அச்சுக்குப் போகும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒருவர் ஒரு தாளின் எண்களை மட்டும் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் மற்றத் தாளில் விரல் வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும்.

அனுப்புவதற்கு முன் சுற்றறிக்கையை சக ஆசிரியரிடம் காட்டுவதில் பயன் குறைவு. அவர் அந்த மீட்டிங்கில் இருந்தவர், எழுதாததையும் சேர்த்தே படித்துவிடுவார். வேன் ஓட்டுநரிடமோ ஆயாவிடமோ கொடுத்து, "புரிந்ததா?" என்று கேட்காமல், "உங்கள் பேத்தி யு.கே.ஜி.யில் படித்தால் திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வந்து கூட்டிப்போவீர்கள்?" என்று கேட்க வேண்டும். அவர் யோசிக்க ஆரம்பித்தால் அந்த இடத்தில் ஒரு வரி குறைகிறது. அனுப்பிய பிறகும் இதே போலப் பார்க்கலாம். ஆபீஸில் போன் எடுப்பவர் வரும் கேள்விகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளட்டும். ஒரே கேள்வி நாலைந்து பேரிடமிருந்து வந்தால், கவனமில்லாமல் படித்தார்கள் என்று அவர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

அப்போது "8.30 என்பதை 8.25 என்று திருத்திப் படிக்கவும்" என்று ஒற்றை வரித் திருத்தம் போடுவதுதான் பெரிய ஆபத்து. திருத்தம் ஒரு குரூப்பிலும் மூலம் இன்னொரு குரூப்பிலும் சுற்றும். முழுச் சுற்றறிக்கையையும் புதிய எண்ணோடும் தேதியோடும் மறுபடி அனுப்பி, முதல் வரியிலேயே "எண் 7 ரத்து செய்யப்படுகிறது, இதை மட்டும் பின்பற்றவும்" என்று போட வேண்டும்.

எவ்வளவு தெளிவாக எழுதினாலும் முதல் திங்கட்கிழமை சில பிள்ளைகள் எட்டு ஐம்பதுக்கு ஆற அமர வந்து நிற்பார்கள். அவர்களை என்ன செய்வது என்பதைப் பள்ளி முன்கூட்டியே முடிவு செய்து, வாட்ச்மேனுக்கும் வகுப்பு ஆசிரியர்களுக்கும் ஒரே மாதிரியாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க லேட் நோட்டை எடுப்பதில்லை என்றால், அதையும் ஒரு வரியாகச் சுற்றறிக்கையில் சேர்த்துவிடலாம், எந்தத் தேதியிலிருந்து நோட்டு மறுபடி வரும் என்பதோடு.