உங்களுக்குத் தெரியுமா? கீறல் விழுந்த நான்ஸ்டிக் தவா ஆபத்தா?

கீறல் விழுந்த நான்ஸ்டிக் தவாவிலிருந்து ஒரு துணுக்கு தோசையோடு வயிற்றுக்குள் போய்விட்டால் பதற வேண்டாம். டெஃப்லான் எனப்படும் அந்தப் பூச்சு செரிக்காது, அப்படியே வெளியேறிவிடும்.

பயப்பட வேண்டியது சூட்டுக்குத்தான். காலித் தவாவைப் பெரிய தீயில் விட்டால் சில நிமிடங்களிலேயே 260 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அதற்கு மேல் பூச்சு சிதையத் தொடங்கும். சூடு ஏற ஏற நச்சுப் புகை கிளம்பும். வீட்டில் வளர்த்த கிளிகள் அந்தப் புகையில் இறந்திருக்கின்றன. எண்ணெய் தடவிய பிறகே அடுப்பை மிதமாக ஏற்றுங்கள்.

சூடான தவாவில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அடி வளையும், பூச்சும் தளரும். ஆறவிட்டு, மென்மையான ஸ்பாஞ்சால் கழுவுங்கள். கம்பி நார் கூடவே கூடாது; திருப்ப மரக்கரண்டி போதும். பூச்சு உரிந்து உலோகம் தெரிந்தால் தவாவை மாற்றிவிடுங்கள்.