காற்றை எடைபோட்ட கண்ணாடிக் குழாய்

மேலே இருந்து உறிஞ்சி இழுக்கும் பம்பு, எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருந்தாலும், சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்றாது. 17-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பம்பு செய்தவர்களுக்கு இது தெரிந்த தொல்லைதான், காரணம் தெரியவில்லை. 1638-இல் வெளியான தன் நூலில் கலிலியோ இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். உயரே இழுக்கப்படும் தண்ணீர் தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் அறுந்துவிடுகிறது என்றார். அந்த விளக்கம் தவறு.

கலிலியோவின் கடைசி மாதங்களில் அவருக்கு உதவியாளராக இருந்த டாரிசெல்லி, கேள்வியைத் திருப்பிப் போட்டார். பம்பு தண்ணீரை இழுக்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். வெளியே கிணற்று நீரின் மேல் அமர்ந்திருக்கும் காற்றுதான் தன் எடையால் அதைக் குழாய்க்குள் தள்ளுகிறது என்றால்? அப்படியானால் 10 மீட்டர் என்பது காற்றின் எடைக்குச் சமமான தண்ணீரின் உயரம். பாதரசம் தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனம். ஆகவே அது அந்த உயரத்தில் 13.6-இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 76 சென்டிமீட்டர்தான் நிற்க வேண்டும்.

ஃப்ளாரன்ஸ் நகரில் அவருடைய நண்பர் விவியானி அதைச் செய்து பார்த்தார். ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளமுள்ள, ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, வாயை விரலால் அடைத்துக் கவிழ்த்து, பாதரசம் இருந்த கிண்ணத்துக்குள் வைத்து விரலை எடுத்தார். பாதரசம் கொஞ்சம் இறங்கி 76 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிட்டது. மேலே எஞ்சியது வெற்றிடம். குழாயும் கிண்ணமும் சேர்ந்து ஒரு தராசு: ஒரு தட்டில் பாதரசம், மறு தட்டில் வானம் வரை உயர்ந்து நிற்கும் காற்று. கணக்குப் போட்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மேலும் சுமார் ஒரு கிலோ காற்று இருக்கிறது.

குழாய்க்குள் காற்றுக்குமிழி தங்கிவிட்டால் அது பாதரசத்தைக் கீழே அழுத்தி அளவைக் குறைத்துக் காட்டும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. குழாயை மெல்லச் சாய்த்தால் பாதரசம் மேல்முனை வரை ஏறும். உள்ளே வெற்றிடம்தான் என்றால் கண்ணாடியில் மோதி ‘டிக்’கென்று ஒலிக்கும், காற்று இருந்தால் சத்தமில்லாமல் போய் ஒட்டும்.

ஆனாலும் எதிர்வாதம் ஓயவில்லை. மேலே உள்ள வெற்றிடமே பாதரசத்தைப் பிடித்து இழுத்து வைத்திருக்கலாம் அல்லவா? பிரான்சில் பாஸ்கல் இதற்கு முடிவுகட்ட நினைத்தார். காற்றின் எடைதான் காரணம் என்றால், மலை ஏறினால் தலைக்கு மேலிருக்கும் காற்று குறையும். பாதரசமும் இறங்க வேண்டும். அவருடைய அக்காள் கணவர் பெரியே, கிளெர்மோன் நகரில் இருந்தார். பக்கத்திலேயே பூய் தெ டோம் என்ற மலை.

1648 செப்டம்பர் 19 காலை எட்டு மணிக்கு, ஊரின் தாழ்வான இடத்தில் இருந்த ஒரு மடத்துத் தோட்டத்தில், பாதிரியார்களும் ஊர்ப் பெரியவர்களும் பார்க்க, பெரியே இரண்டு குழாய்களை நிறுத்தினார். இரண்டிலும் ஒரே அளவு. இன்றைய கணக்கில் 71 சென்டிமீட்டர். ஒன்றை அங்கேயே விட்டு, நாள் முழுக்கக் கவனிக்கும்படி ஒரு பாதிரியாரிடம் ஒப்படைத்தார். மற்றொன்றுடன் மலை ஏறினார். சுமார் 1,000 மீட்டர் உயரம் ஏறிய பிறகு உச்சியில் பாதரசம் 63 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கீழே நின்றது. எட்டு சென்டிமீட்டருக்கு மேல் சரிவு! நம்பமுடியாமல், திறந்தவெளியில், அங்கிருந்த சிறு கோயிலுக்குள், மூடுபனியில் என்று இடம் மாற்றி ஐந்து முறை அளந்தார். அளவு மாறவில்லை. இறங்கும் வழியில் நடுவே அளந்தபோது இடைப்பட்ட அளவு வந்தது. மடத்தில் வைத்த குழாயோ காலை முதல் மாலை வரை அசையவே இல்லை. ஆக, மாற்றத்துக்குக் காரணம் நேரமோ வானிலையோ அல்ல, உயரம்தான்.

அந்த நாள் மடத்துக் குழாய் அசையாமல் இருந்தது நல்ல வேளை. ஏனென்றால் ஒரே இடத்தில் வைத்தாலும் அது நாளுக்கு நாள் ஏறி இறங்கும் என்பது, பெரியே தொடர்ந்து குறிப்பெடுத்தபோது தெரிந்தது. காற்று சில நாள் கனமாகவும் சில நாள் இலேசாகவும் இருக்கிறது. இதைக் காட்டும் கருவி வேண்டும் என்பதே டாரிசெல்லியின் முதல் நோக்கமாகவும் இருந்தது. அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கிச் சுற்றுப்புறக் காற்று ஓடிவரும். வந்த காற்று மேலெழும்பிக் குளிரும். அதிலுள்ள நீராவி மேகமாகி மழையாகும். அதனால்தான் பாதரசம் இறங்கினால் மழைக்கும் காற்றுக்கும் வாய்ப்பு அதிகம்.

இதை வைத்து, குழாயின் அருகே ‘மழை’, ‘மாற்றம்’, ‘நல்ல வெயில்’ என்று எழுதி விற்றார்கள். அது அடிக்கடி பொய்த்தது. தனி ஒரு பாரமானி தன் தலைக்கு மேலிருக்கும் காற்றை மட்டும் அறியும். எங்கிருந்து எது வருகிறது என்று அதற்குத் தெரியாது.

1859 அக்டோபர் 26 அன்று, ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய ‘ராயல் சார்ட்டர்’ கப்பல் பிரிட்டனின் வேல்ஸ் கரையோரம் புயலில் உடைந்து, 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டார்வினைப் ‘பீகிள்’ கப்பலில் அழைத்துச் சென்ற கேப்டன் ஃபிட்ஸ்ராய் அப்போது பிரிட்டனின் வானிலைத் துறைத் தலைவர். பல இடங்களில் எடுத்த பாரமானிக் குறிப்புகளைத் திரட்டி வரைபடத்தில் குறித்தபோது, புயல் நகர்ந்து வந்த பாதை தெரிந்தது. புயலைவிட வேகமாக ஓடக்கூடியது தந்தி. 1861 பிப்ரவரியில் துறைமுகங்களுக்கு எச்சரிக்கை போகத் தொடங்கியது. கூம்பும் உருளையும் கம்பத்தில் ஏற்றப்பட்டன. நம் ஊர்த் துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு அதே வழக்கம்தான். ஆகஸ்டில் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் வானிலை முன்னறிவிப்பும் வெளியானது.

இப்படிப் பல ஊர் அளவுகளை ஒரே வரைபடத்தில் வைக்க, பெரியே கண்ட உயர வித்தியாசத்தைக் கழித்தாக வேண்டும். ஊட்டியில் காற்றழுத்தம் எப்போதும் 800 ஹெக்டோபாஸ்கலுக்குக் கீழே. கடல்மட்டத்தில் இதுவரை பதிவான மிகக் கடுமையான புயலின் மையத்தில்கூட அது 870 தான். கழிக்காமல் வரைந்தால், ஊட்டியில் தினமும் உலகப் பெரும்புயல்! அதனால் எல்லா நிலையங்களின் அளவையும் கடல்மட்டத்துக்கு மாற்றிய பிறகே ‘காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி’ எங்கே என்று தேடுகிறார்கள்.

இன்று பல கைபேசிகளில் ஒரு குட்டிப் பாரமானி இருக்கிறது. அதற்கான செயலியைத் திறந்துவைத்து, தரையிலிருந்து பத்தாவது மாடிக்குப் போங்கள். மூன்று ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் குறையும். ஒரே இடத்தில் வைத்தாலும் சென்னையில் காலை பத்து மணிக்கு ஏறி, மாலை நான்குக்கு ஏறத்தாழ அதே அளவு இறங்கும். இது வெயிலால் வளிமண்டலம் அன்றாடம் அசைவது, புயல் அல்ல. எனவே காலை அளவை மாலையோடு ஒப்பிடக் கூடாது. நேற்று மாலை நான்கு மணி அளவை, அதே இடத்தில், இன்று மாலை நான்கு மணி அளவோடு ஒப்பிட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது மூன்று நான்கு குறைந்திருந்தால், வானிலை மையத்தின் அறிவிப்பைக் கவனித்துக் கேளுங்கள்.