அலைக்குத் தலையாட்டாத சுக்கான்

கப்பலின் ஆட்டோ பைலட்டுக்கு வேலை ஒன்றுதான். குறித்த திசையைவிட்டு முகப்பு விலகினால் சுக்கானைத் திருப்பி அதை நேர்செய்ய வேண்டும். முகப்பு எங்கே பார்க்கிறது என்பதை ஜைரோ காம்பஸ் சொல்கிறது. வேண்டிய திசைக்கும் இருக்கும் திசைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து, சுக்கான் எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்று கருவி ஆணையிடுகிறது. கப்பலின் பின்பகுதியில் உள்ள ஸ்டீயரிங் கியர் என்னும் ஹைட்ராலிக் இயந்திரம் அந்த ஆணையை நிறைவேற்றுகிறது.

இந்த ஆணை எப்படி இருக்க வேண்டும் என்பதை 1922-இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி கணக்காக எழுதிக் காட்டினார். அடுத்த ஆண்டு அமெரிக்கக் கடற்படையின் ‘நியூ மெக்சிகோ’ போர்க்கப்பலில் அது சோதிக்கப்பட்டது. கைதேர்ந்த சுக்கானி என்ன செய்கிறார் என்று கவனித்ததுதான் அவருடைய தொடக்கம். முகப்பு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் சுக்கானி பார்ப்பதில்லை. எவ்வளவு வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்பதையும் பார்க்கிறார். கப்பல் சரியான திசையை நெருங்கும்போதே சுக்கானை எதிர்ப்பக்கம் கொடுத்துத் திருப்பத்தை அடக்குகிறார். காற்று ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தால், இரண்டு மூன்று பாகை சுக்கானை நிரந்தரமாகவே வைத்திருக்கிறார். விலகல், திரும்பும் வேகம், சேர்ந்துகொண்டே போகும் விலகல் ஆகிய மூன்றையும் தனித்தனி எடையுடன் கூட்டினால் ஆணை கிடைத்துவிடும். இன்றைய ஆட்டோ பைலட்டுகளிலும் அடித்தளம் இதுவே.

அமைதியான கடலில் இது அழகாக வேலை செய்யும். சிக்கல் அலைகளால் வருகிறது.

200 மீட்டர் அளவுள்ள ஒரு சரக்குக் கப்பல் 15 நாட் வேகத்தில் போகிறது என்று கொள்வோம். ஒரு அலைமுகட்டுக்கும் அடுத்ததற்கும் 9 வினாடி இடைவெளியுள்ள கடல். கப்பல் அலைகளை எதிர்கொண்டு ஓடுவதால், அதன்மேல் ஏறத்தாழ 6 வினாடிக்கு ஒரு அலை மோதும். ஒவ்வொரு அலைக்கும் முகப்பு அரைப் பாகை இடமும் வலமும் ஆடுகிறது. ஆடிய முகப்பு அடுத்த மூன்று வினாடியில் தானே திரும்பி வந்துவிடுவதால், இந்த ஆட்டத்தால் கப்பல் பாதை மாறுவதில்லை. ஆனால் ஆட்டோ பைலட்டுக்கு அது தெரியாது. திரும்பும் வேகத்துக்கு அது கொடுக்கும் எடை சாதாரண அளவில் இருந்தாலே, அரைப் பாகை ஆட்டத்துக்காக சுக்கானைப் பக்கத்துக்கு 5 பாகைக்கு மேல் வீசச் சொல்லும். 6 வினாடிக்குள் ஒரு சுற்று முடிய வேண்டுமானால், நடுவில் சுக்கான் வினாடிக்கு 6 பாகை வேகத்தை எட்டியாக வேண்டும்.

அந்த வேகம் ஸ்டீயரிங் கியரிடம் இல்லை. ஒரு பக்கம் 35 பாகையிலிருந்து மறுபக்கம் 30 பாகைவரை 28 வினாடிக்குள் சுக்கானைக் கொண்டுபோக வேண்டும் என்பது சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதி. கணக்குப் பார்த்தால் வினாடிக்கு 2.3 பாகை. பல கப்பல்களில் பம்ப் தரும் எண்ணெயின் அளவு மாறாது. வால்வு திறந்தால் சுக்கான் அந்த ஒரே வேகத்தில் ஓடும், மூடினால் நிற்கும். ஆக, சுக்கான் 5 பாகையை எட்டும் முன்பே எதிர்ப்பக்க ஆணை வந்துவிடுகிறது. மூன்றரைப் பாகை அளவில் நின்று திரும்புகிறது. அதுவும் ஆணைக்கு முக்கால் வினாடிக்கு மேல் பின்தங்கியே திரும்புகிறது.

இத்தனை உழைப்பாலும் பலன் எதுவும் இல்லை. இந்த அளவுள்ள கப்பல் சுக்கானுக்கு இணங்கித் திரும்பத் தொடங்கவே பல வினாடி ஆகும். 6 வினாடிக்கு ஒருமுறை திசை மாறும் சுக்கானால் முகப்பு நூறில் ஒரு பாகைகூட அசைவதில்லை. அலையின் ஆட்டம் அப்படியே இருக்க, சுக்கான் நீரை இழுத்துக் கப்பலின் வேகத்தைக் குறைக்கிறது. ஒரு நாளில் ஏறத்தாழ 30,000 முறை சுக்கான் திசை மாறுவதால் வால்வுகளும் பம்புகளும் தேய்கின்றன. அதைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. அலைக்காக ஓடிக்கொண்டிருக்கும் சுக்கானிடம், காற்றால் ஏற்படும் உண்மையான விலகலைச் சரிசெய்ய வேகம் மிச்சமிருப்பதில்லை. அந்தத் திருத்தமும் தாமதமாகவே போய்ச் சேர, கப்பல் பாதையின் இருபுறமும் மெல்ல ஊசலாடத் தொடங்குகிறது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. பிரிட்ஜில் சுக்கான் கோணம் காட்டும் முள், அலைகள் வரும் அதே தாளத்தில் இடமும் வலமும் ஆடினால் ஆட்டோ பைலட் அலையைத் துரத்துகிறது என்று பொருள். ஸ்டீயரிங் கியர் அறையில் நின்றால் வால்வு ஓயாமல் ‘டிக் டிக்’ என்று தட்டுவது கேட்கும்.

பழைய கருவிகளில் இதற்கு ‘வெதர்’ என்றொரு திருகு இருந்தது. அதைக் கூட்டினால் ஒன்றிரண்டு பாகைவரையிலான விலகலைக் கருவி கண்டுகொள்ளாது. அலையின் ஆட்டம் அந்த எல்லைக்குள் அடங்கிவிட்டால் சுக்கான் சும்மா இருக்கும். ஆனால் உண்மையான விலகலும் அதே எல்லைக்குள் கவனிக்கப்படாமல் போகிறது. கப்பல் ஒரு ஓரத்தை எட்டியபின் திருத்தம் வருகிறது, பிறகு மறு ஓரத்துக்குப் போகிறது. பாதை மெல்லிய பாம்பு நெளிவாகிவிடுகிறது.

இதைவிட நல்ல வழி, அலை ஆட்டத்தையும் கப்பலின் சொந்தத் திருப்பத்தையும் பிரித்தறிவது. இந்தச் சரக்குக் கப்பல் ஒரு விலகலைச் சரிசெய்துகொள்ளும் அசைவுக்கு 200 வினாடி அளவு ஆகும்; அலைக்கு 6 வினாடி. இரண்டும் இவ்வளவு தள்ளியிருப்பதால், கால்மன் வடிகட்டி இவற்றை நன்றாகப் பிரித்துவிடுகிறது. கொடுத்த சுக்கானுக்குக் கப்பல் எப்படித் திரும்பியிருக்க வேண்டும் என்று அது தன் கணக்கில் உடனுக்குடன் ஓட்டிப் பார்க்கிறது. காம்பஸ் காட்டுவதில் அந்தக் கணக்குக்குப் பொருந்தாத வேகமான ஆட்டத்தை அலையின் கணக்கில் சேர்க்கிறது. மீதமுள்ள மெதுவான திருப்பம் மட்டுமே ஆணையைத் தீர்மானிக்கிறது. ஸ்டீயரிங் கியரின் 2.3 பாகை வேகம் அதற்குத் தாராளமாகப் போதும்.

மெதுவான சுக்கானுக்கு இன்னொரு கவனிப்பும் தேவை. 40 பாகை திசை மாற்றம் ஒரேயடியாகக் கொடுக்கப்பட்டால், சுக்கான் தன் எல்லையில் போய் நின்றபிறகும் ‘சேரும் விலகல்’ கணக்கு வளர்ந்துகொண்டே போகும். கப்பல் புதிய திசையை அடைந்தும் அந்தச் சேமிப்பு கரையாததால், வெகுதூரம் தாண்டிப் போய்விடும். ஆகவே சுக்கான் எல்லையைத் தொட்டதும் இந்தக் கூட்டல் நிறுத்தி வைக்கப்படுகிறது. இலக்குத் திசையும் கப்பலால் முடிந்த வேகத்தில் படிப்படியாக நகர்த்தப்படுகிறது.

வடிகட்டி தடுமாறும் இடம் பின்னாலிருந்து வரும் கடல். அதே 9 வினாடி அலைகள் பின்னாலிருந்து வந்தால் கப்பலும் அவற்றோடு ஓடுகிறது. ஒரு அலை கடந்துபோக 20 வினாடி ஆகிறது. கப்பலின் வேகம் அலையின் வேகத்தை நெருங்க நெருங்க இந்த இடைவெளி இன்னும் நீளும். அப்போது அலையின் ஆட்டமும் கப்பலின் திருப்பமும் ஒரே வேகத்துக்கு வந்துவிடுவதால் பிரிக்க முடிவதில்லை. அலையைப் புறக்கணிக்கவும் கூடாது. மெதுவாகத் தள்ளும் அலை, கப்பலைப் பக்கவாட்டில் திருப்பிக் குறுக்கே போட்டுவிடக்கூடும். ஆட்டோ பைலட் முகப்பு விலகத் தொடங்கிய பிறகே அதை உணர்கிறது. அதன்பின்தான் மெதுவான சுக்கான் புறப்படுகிறது. பின்பக்க மூலையில் அலை எழும்புவதைக் கண்ணால் பார்க்கும் சுக்கானி, அது கப்பலைத் தொடும் முன்பே சுக்கானைக் கொடுத்துவிட முடியும். அதனால் இத்தகைய கடலில் வேகத்தையோ திசையையோ மாற்றிக்கொண்டு, சுக்கானைக் கைக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.