சான்றிதழ் வந்தபின் மேனேஜரிடம் என்ன கேட்பது?

நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் வேலை பார்த்துக்கொண்டே விடுமுறை நாட்களில் ஏதாவது படித்துச் சான்றிதழ் வாங்குகிறார்கள். அதைக் காட்டி வேறு வேலைக்கு மாற்றம் கேட்கும்போதுதான் சிக்கல் வருகிறது. நான் அறிந்த ஒரு துறையை வைத்து இதை விளக்குகிறேன்.

பூட்டிபோரியில் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நம் அன்பர் ஒருவரின் மகன் ஆறு வருடமாக வெல்டர். சென்ற ஆண்டு அல்ட்ராசோனிக் சோதனையில் லெவல் 2 சான்றிதழ் வாங்கினார். ஒலி அலையை உலோகத்துக்குள் செலுத்தி, பற்றவைப்பின் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. ரயில்வேயில் தண்டவாளத்தையும் இப்படித்தான் சோதிக்கிறோம். "மாமா, வெல்டிங்கிலிருந்து தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மாற்றும்படி மனு எழுதித் தாருங்கள்" என்று என்னிடம் வந்தார்.

மனு வேண்டாம் என்றேன். காரணம் சான்றிதழிலேயே இருந்தது. அது எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ என்ற அமெரிக்க வழிகாட்டு முறைப்படி தரப்பட்டது. அந்த முறையில் ஒருவருக்குத் தகுதி அளிக்கும் பொறுப்பு வேலை கொடுப்பவருடையது. கம்பெனி தனக்கென எழுதி வைத்த நடைமுறை ஒன்று வேண்டும். அதன்படி படிப்பு, அனுபவ மணி, பரீட்சை, கண் பார்வை எல்லாம் சரிபார்த்த பிறகே சோதனை அறிக்கையில் கையெழுத்திடும் உரிமை வரும். பயிற்சி நிலையம் தந்த தாள் படித்ததற்கும் பரீட்சை எழுதியதற்கும் அத்தாட்சி, அவ்வளவே. "லெவல் 2 ஆகிவிட்டேன், பதவி கொடுங்கள்" என்று போனால், விஷயம் தெரிந்த மேனேஜர் முதலில் கேட்பது, "எத்தனை மணி கருவியைக் கையில் பிடித்திருக்கிறாய்?" என்பதுதான். நம் பிள்ளையிடம் பதில் இல்லை.

ஆகவே கேள்வியை மாற்றினோம். அவர் கேட்டது ஏறக்குறைய இப்படி: "சார், இந்தப் படிப்பு முடித்திருக்கிறேன். நம் கம்பெனி நடைமுறைப்படி எனக்கு இன்னும் என்ன குறைகிறது? வெல்டிங் வேலை கெடாமல், தினம் இரண்டு மணி சோதனைக்காரருடன் நிற்க அனுமதி கிடைக்குமா?" இந்தி கொஞ்சம் தட்டுத்தடுமாறியதாகச் சொன்னார், பரவாயில்லை.

இந்தக் கேள்வியில் மேனேஜரின் கவலைக்கும் பதில் இருக்கிறது. தேர்ந்த வெல்டரை விட்டுவிட்டால் அந்த இடத்தில் யாரை நிறுத்துவது என்பதே அவர் கவலை. சான்றிதழில் அவருக்குச் சந்தேகம் இருப்பது அபூர்வம்.

கணக்கையும் எழுதிக் கொடுத்தனுப்பினேன். அல்ட்ராசோனிக் முறையில் லெவல் 1 நிலைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அனுபவம் 210 மணி. லெவல் 2-க்கு மேலும் 630 மணி. மற்றச் சோதனை முறைகளையும் சேர்த்த மொத்த மணி ஒன்றும் உண்டு, அது இதைவிட அதிகம். தினம் 2 மணி, வாரம் 6 நாள் என்றால் 12 மணி. 210 மணிக்கு நாலு மாதத்துக்கு மேல். 630 மணிக்கு இன்னும் ஒரு வருடம். கம்பெனி தன் நடைமுறையில் இதைக் கூட்டிக் குறைத்து வைத்திருக்கலாம். அதனால் முதலில் அந்த நடைமுறையைப் பார்க்கக் கேட்க வேண்டும்.

கேட்கும் வேளையும் முக்கியம். மாதக் கடைசியில் சரக்கு அனுப்பும் பரபரப்பில் கேட்டால் "பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். அப்படி வந்தால் "எந்தத் தேதியில் மறுபடி வரட்டும் சார்?" என்று கேட்டுக்கொள்ளலாம். அவர் தேதி சொன்னாலோ, "தரக்கட்டுப்பாட்டு அதிகாரியைப் போய்ப் பார்" என்று அனுப்பினாலோ விஷயம் நகர்கிறது என்று அர்த்தம். இரண்டும் இல்லாமல் மூன்றாம் முறையும் "பார்க்கலாம்" என்றால் அங்கே இடம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். எப்படியானாலும் சான்றிதழ் நகலைத் தன் பைலில் சேர்க்கும்படி இரண்டு வரிக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குவது நல்லது.

சம்பளத்தை முதல் பேச்சில் எடுக்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம். ஆனால் வீட்டில் கணக்குப் போட்டுவிட வேண்டும். வெல்டருக்கு ஓவர்டைம் உண்டு. ஸ்டாப் ஆனால் பல இடங்களில் அது நின்றுவிடும். மாதக் கையிருப்பு குறையக்கூடும். ரயில்வேயில் சொந்த விருப்பத்தில் வேறு யூனிட்டுக்குப் போனவர்கள் சீனியாரிட்டியில் கடைசியில் போய் நின்றதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பையனுக்குப் பாதி வெற்றி. தரக்கட்டுப்பாட்டில் காலியிடம் இல்லையாம். அல்ட்ராசோனிக் வேலையை வெளி ஏஜென்சிதான் செய்கிறது. அவர்கள் வரும் நாட்களில் கூட நிற்க அனுமதி கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் தேதி, பாகத்தின் எண், மணி மூன்றையும் நோட்டில் எழுதி, சோதனை செய்தவரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லியிருக்கிறேன். கையெழுத்தில்லாத மணியைப் பின்னால் யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். கிட்டப்பார்வைப் பரிசோதனை வருடா வருடம் வேண்டும் என்பதால் அந்தச் சீட்டும் அதே நோட்டில் ஒட்டியிருக்கிறது.