‘ரீஸ்டோர்’ பொத்தானை அழுத்துவதற்கு முன்

2022 ஏப்ரல் 5, இந்திய நேரப்படி பகல் 1.08 மணி. ஆஸ்திரேலிய மென்பொருள் நிறுவனமான அட்லாசியனில் ஒரு ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கியது. வேலை சாதாரணமானதுதான். இனித் தனியாகத் தேவைப்படாத ஒரு பழைய செயலியை, அதை வைத்திருந்த வாடிக்கையாளர்களின் தளங்களிலிருந்து நீக்க வேண்டும். ஆனால் நீக்கச் சொன்ன குழு, நீக்கும் குழுவிடம் செயலியின் அடையாள எண்களைக் கொடுக்கவில்லை. அந்தச் செயலி இருந்த தளங்களின் எண்களைக் கொடுத்துவிட்டது. ஸ்கிரிப்ட் இரண்டு வகை எண்ணையும் ஏற்கும். செயலியின் எண் கொடுத்தால் செயலி போகும், தளத்தின் எண் கொடுத்தால் தளமே போகும். ‘உறுதியாகத்தான் சொல்கிறீர்களா’ என்ற ஒரு கேள்விகூட இல்லை. 23 நிமிடங்களில் 775 வாடிக்கையாளர்களுக்குச் சொந்தமான 883 தளங்கள் மறைந்தன.

அந்தத் தளங்களில் இருந்தவை ஜிரா போன்ற டிராக்கர்கள். எந்த வேலை யார் கையில், எந்த நிலையில் இருக்கிறது என்று நிறுவனங்கள் வரிசைப்படுத்தி வைத்திருக்கும் பதிவேடுகள் அவை. கடைசி வாடிக்கையாளருக்கும் எல்லாம் திரும்பக் கிடைக்க ஏப்ரல் 18 ஆகிவிட்டது.

பேக்கப் இல்லாமலா இத்தனை நாள் ஆனது? இல்லை, நல்ல பேக்கப் இருந்தது. ஒரு தரவுத்தளத்தை அழிவுக்குச் சில நிமிடங்களுக்கு முந்தைய நிலைக்கு அப்படியே திருப்ப அட்லாசியனால் முடியும். ஆனால் ஒரே தரவுத்தளத்தில் பல வாடிக்கையாளர்களின் விவரங்கள் கலந்திருந்தன. பாதிக்கப்பட்டவர்கள் அவர்களில் ஒரு பகுதியினர்தான். மற்றவர்கள் அதற்குள் வழக்கம்போல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் பின்னால் திருப்பினால், பாதிக்கப்பட்டவர்களுக்கு உயிர் வரும். பாதிக்கப்படாதவர்களின் புதிய வேலை போய்விடும். அதனால் பழைய பிரதியிலிருந்து 775 பேருக்கு உரியதை மட்டும் பிரித்தெடுத்து, இன்றைய தரவுக்குள் வைக்க வேண்டியிருந்தது. அத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் இதைச் செய்யும் தானியங்கி முறை அவர்களிடம் இல்லை. நாட்கள் போனது அதில்தான்.

கூகுள் ஷீட்டில் நூறு வரி டிராக்கர் வைத்திருப்பவருக்கும் இதே சிக்கல் சின்ன அளவில் வரும்.

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். குடியிருப்போர் சங்கத்தின் புகார்ப் பதிவேடு ஒரு கூகுள் ஷீட். A பத்தியில் புகார் எண், B-யில் வீட்டு எண், C-யில் புகார், D-யில் பொறுப்பு, E-யில் நிலை. மொத்தம் 412 புகார்கள். காலை 10.15-க்கு அலுவலக உதவியாளர், பிளம்பருக்கு எத்தனை வேலை இருக்கிறது என்று பார்க்க நினைக்கிறார். D பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து `Sort range` கொடுக்கிறார். D மட்டும் அகர வரிசைக்கு மாறுகிறது. மற்றப் பத்திகள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. எலக்ட்ரீஷியன் எல்லாம் மேலே, பிளம்பர் எல்லாம் கீழே, லிஃப்ட் கம்பெனி அதற்கும் கீழே. மூன்றாம் மாடியில் குழாய் ஒழுகும் புகாருக்கு இப்போது எலக்ட்ரீஷியன் பொறுப்பு.

எக்செல் இப்படிப்பட்ட நேரத்தில் ‘பக்கத்துப் பத்திகளையும் சேர்க்கவா’ என்று ஓர் எச்சரிக்கைப் பெட்டி காட்டும். ஷீட்ஸ் கேட்பதில்லை. இந்தத் தவறுக்கு இன்னொரு குணமும் உண்டு: கூட்டல் கணக்கில் அது சிக்காது. பிளம்பர் பெயரில் 96 புகார் இருந்திருந்தால் இப்போதும் 96-தான். மாதாந்திர அறிக்கை பிசகில்லாமல் வரும். ஒரு தனி வரியைப் படித்துப் பார்ப்பவருக்குத்தான் புலப்படும். நம் கதையில் 12.30-க்கு பிளம்பர் போன் செய்து, “என்ன சார், என்னை லிஃப்ட் பார்க்கச் சொல்றீங்க?” என்று கேட்கும்போதுதான் தெரிகிறது. அதற்குள் செயலாளரும் காவல் அறைப் பணியாளரும் 9 புதுப் புகார்களைச் சேர்த்துவிட்டார்கள். 23 புகார்களின் நிலையை ‘முடிந்தது’ என்று மாற்றிவிட்டார்கள்.

பத்தியை மாற்றிய கையோடு தெரிந்திருந்தால் `Ctrl+Z` போதும். பக்கத்தை மூடிவிட்டாலோ மீண்டும் ஏற்றினாலோ அந்த வழி அடைபட்டுவிடும். பிறகு மிஞ்சுவது `File` மெனுவில் இருக்கும் `Version history`.

அதைத் திறப்பதற்கு முன் எழுதுவதை நிறுத்த வேண்டும். மற்றவர்களின் அனுமதியை அரை மணி நேரத்துக்குப் ‘பார்வையாளர்’ என்று மாற்றிவிட்டால் போதும். இல்லையென்றால் நாம் சரிசெய்துகொண்டிருக்கும்போதே இன்னொருவர், தவறான பெயரைப் பார்த்து அதையும் கையால் ‘திருத்தி’ வைப்பார். கூடவே, `Name current version` மூலம் இப்போதைய நிலைக்கு ‘பழுது பார்க்கும் முன்’ என்று பெயரிட்டுவிடலாம். கெட்டுப்போன நிலையையும் சேமித்து வைப்பது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் அதில்தானே அந்த 9 புதுப் புகார்களும் இருக்கின்றன.

வரலாற்றுப் பட்டியலில் நேரமும், திருத்தியவர் பெயரும், ஒவ்வொருவருக்கும் ஒரு நிறமும் தெரியும். ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் இருக்கும் சிறு அம்புக்குறியை விரித்தால் உள்ளே இன்னும் நுணுக்கமான பதிப்புகள் கிடைக்கும். இங்கே அவசரம் கூடாது. அடுத்தடுத்த பல திருத்தங்களை ஷீட்ஸ் ஒரே பதிப்பாகச் சேர்த்துவிடுவது உண்டு. 10.20 என்று போட்டிருப்பது தவறுக்கு முந்தியதா பிந்தியதா என்று நேரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. D பத்தியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பெயர்கள் கலந்து கிடந்தால் நல்ல பதிப்பு. அகர வரிசையில் அடுக்கியிருந்தால் அது கெட்ட பிறகு வந்தது.

நல்ல பதிப்பைக் கண்டுபிடித்ததும் திரையின் மேலே `Restore this version` என்ற பொத்தான் கூப்பிடும். அதை அழுத்தினால் D சரியாகிவிடும். கூடவே 9 புதுப் புகார்களும் 23 ‘முடிந்தது’களும் பதிவேட்டிலிருந்து மறையும். அட்லாசியன் தவிர்த்தது இதைத்தான். அந்தப் பதிப்பின் அருகே இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தி `Make a copy` எடுப்பதே பாதுகாப்பான வழி. அந்தப் பிரதியின் அடியில் உள்ள தாளை வலச் சொடுக்கி, `Copy to` மூலம் நடப்புக் கோப்புக்குள்ளேயே ஒரு தனித் தாளாகக் கொண்டுவந்து, `old` என்று பெயர் வைக்கலாம்.

இனி வேலை ஒரே ஒரு சூத்திரம். நடப்புத் தாளில் காலியாக இருக்கும் H பத்தியின் இரண்டாம் வரியில்:

```
=XLOOKUP(A2, old!A:A, old!D:D, D2)
```

இந்த வரியின் புகார் எண்ணைப் பழைய தாளில் தேடி, அங்கே யார் பொறுப்பு என்று எடுத்து வா. அந்த எண் பழைய தாளில் இல்லையென்றால் இப்போது D-யில் இருப்பதையே வைத்துக்கொள் என்பது இதன் பொருள். கடைசிப் பகுதிதான் 9 புதுப் புகார்களைக் காப்பாற்றுகிறது. சூத்திரத்தைக் கடைசி வரி வரை இழுத்துவிட்டு, நன்றாக ஞாபகமிருக்கும் பத்துப் புகார்களை H-இல் படித்துப் பார்க்க வேண்டும். மேலே, நடுவே, கீழே என்று கலந்து எடுத்தால் நல்லது. சரியாக இருந்தால் H-ஐ நகலெடுத்து, D-யின் மேல் `Ctrl+Shift+V` கொடுத்து மதிப்பை மட்டும் ஒட்டலாம். சூத்திரமாகவே ஒட்டிவிட்டால், அதில் உள்ள கட்டக் குறிப்புகள் இடம் மாறி D உடனே `#REF!` பிழையாகப் பாழாகும்.

இதோடு முடிந்ததா என்றால், இல்லை. 10.15-க்கும் 12.30-க்கும் நடுவே யாராவது வேண்டுமென்றே ஒரு புகாரை வேறொருவருக்கு மாற்றியிருந்தால், சூத்திரம் அதையும் பழையபடி ஆக்கியிருக்கும். ‘பழுது பார்க்கும் முன்’ பதிப்பிலும் அதற்கு முந்தைய பதிப்புகளிலும் D பத்தியில் நிறம் காட்டும் கட்டங்களைப் பார்த்து இவற்றைப் பிடிக்கலாம். சந்தேகமான கட்டத்தை வலச் சொடுக்கி `Show edit history` கொடுத்தால், அந்த ஒரு கட்டத்தில் யார் எப்போது என்ன எழுதினார் என்று வரும். அந்த 23 ‘முடிந்தது’களையும் அப்படியே நம்ப முடியாது. D-யில் ‘பிளம்பர்’ என்று வடிகட்டி, வந்த வரிகளையெல்லாம் மொத்தமாக முடித்தவர் யாராவது இருந்தால், அவர் முடித்தது வேறு யாரோ ஒருவருடைய வேலையை. அதைக் கணினி சொல்லாது. போன் போட்டுத்தான் கேட்க வேண்டும்.

மேலே சொன்ன அத்தனையும் A பத்தியின் புகார் எண்ணை நம்பி நிற்கிறது. பல பதிவேடுகளில் அந்த எண்ணைக் கையால் எழுதாமல் `=ROW()-1` என்ற சூத்திரத்தால் வரவழைத்திருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நடுவே ஒரு வரியை நீக்கினாலோ தாளை வரிசைப்படுத்தினாலோ எல்லாப் புகாரின் எண்ணும் மாறிவிடும். பழைய தாளில் 57 என்பது ஒரு புகார், புதிய தாளில் 57 இன்னொன்று. அப்படிப்பட்ட பதிவேட்டில் மேற்கண்ட சூத்திரம் பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் தவறான பெயர்களை நிரப்பும். சூத்திரமே இல்லாமல் விடுவது இதைவிட மேல்.

ஜிரா போன்ற பெரிய டிராக்கர்களில் நிலைமை வேறு. அங்கே `Bulk change` மூலம் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான பதிவுகளை மாற்றலாம். மாற்றியதை மொத்தமாகத் திருப்ப ஒரு பொத்தான் கிடையாது. ஒவ்வொரு பதிவின் `History` பகுதியிலும் பழைய மதிப்பும் புதிய மதிப்பும் இருக்கும். ஆனால் முந்நூறு பதிவுகளைத் தவறாக ‘முடிந்தது’ ஆக்கிவிட்டால், அவற்றில் எது முன்பு எந்த நிலையில் இருந்தது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. தேடல் மொழிதான் கைகொடுக்கும்:

```
status CHANGED FROM "In Progress" TO "Done" DURING ("2025/03/10 10:10", "2025/03/10 10:20")
```

அந்தப் பத்து நிமிடத்தில் ‘நடந்துகொண்டிருக்கிறது’ நிலையிலிருந்து மாறியவை மட்டும் வரும். அவற்றைத் தேர்ந்தெடுத்து மொத்தமாகப் பழைய நிலைக்கு அனுப்பிவிட்டு, அடுத்து ‘தொடங்கவில்லை’ நிலையிலிருந்து மாறியவற்றைத் தேடலாம். இப்படிப் பழைய நிலை வாரியாக மூன்று நான்கு சுற்றில் வேலை முடியும். திருப்பும்போது மின்னஞ்சல் அனுப்பும் தேர்வை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் காலையில் முந்நூறு தவறான மின்னஞ்சல் பெற்றவர்களுக்கு மாலையில் இன்னொரு முந்நூறு போகும். இந்தத் தேடல் நிலை, பொறுப்பாளர், முன்னுரிமை போன்ற சில விவரங்களுக்குத்தான் செல்லும். நிறுவனம் தானே சேர்த்துக்கொண்ட விவரங்களை மொத்தமாக மாற்றுவதானால், மாற்றுவதற்கு முன்பே அந்தப் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஷீட்ஸில் யாராவது அவசரத்தில் `Restore this version` அழுத்திவிட்டிருந்தாலும் கலங்க வேண்டாம். ரீஸ்டோர் செய்தது பிந்தைய பதிப்புகளை அழிப்பதில்லை. தானும் ஒரு புதிய பதிப்பாகப் பட்டியலின் உச்சியில் ஏறிக்கொள்கிறது. அதற்குக் கீழே அந்த 9 புகார்கள் இருந்த பதிப்பு அப்படியே இருக்கும். மறுபடி பட்டியலைத் திறந்து, இந்த முறை பிரதி எடுத்து வேலையைத் தொடங்கலாம்.

அடுத்த முறை ஒரு பத்தியையே மாற்றப் போகிறவர்கள், கைவைப்பதற்கு முன் `Name current version` கொடுத்து ஒரு பெயர் வைத்துவிடுங்கள். ஒரு ஷீட்டில் இப்படி 15 பெயர்கள் வரைதான் வைக்க முடியும். அதனால் தினசரிச் சில்லறைத் திருத்தங்களுக்குச் செலவழிக்காமல், மொத்த மாற்றங்களுக்காக ஒதுக்கி வையுங்கள்.